பிரித் நூல் – 1

அன்பின் சேர்,

நான் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெரியம்மா தோட்டத்துப் பிள்ளை. பெரியப்பா வெலிமடைச் சிங்களவர், ஆமியில் லான்ஸ் கோப்ரல். 1997 நவம்பரில் வன்னியில் இறந்துபோனார். சீல் வைத்த பெட்டிதான் வந்தது, திறக்க விடவில்லை. 98 பொங்கலுக்கு அடுத்த கிழமை ஒரு இளம் ஒபிசர் அவருடைய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பெரியம்மா அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது முகவரி கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்று குருணாகல் பக்கம் இருக்கிறாராம். நானே ஒரு கடிதம் எழுதி வாசித்துக் காட்டினேன். "இது ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு, நான் பேசுற மாதிரி இல்ல" என்று தள்ளிவிட்டார். என் கடிதத்தையும், ஒபிசர் விட்டுப்போன பட்டியலின் படத்தையும், பெரியம்மாவின் நம்பரையும் அனுப்புகிறேன். இதை எப்படி எழுதுவது சேர்? பதிலைத் தளத்தில் போடலாம், பெயர்கள் மட்டும் வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்பின் மகளுக்கு,

பெரியம்மா தள்ளிவிட்டது நல்லதாகப் போயிற்று. "தாய்நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகத் தன்னுயிர் ஈந்து வீரமரணம் எய்திய என் அன்புக் கணவரின் உடைமைகளைத் தாங்கள் நேரில் வந்து ஒப்படைத்தமைக்கு" என்று தொடங்கியிருக்கிறீர்கள். பிழை ஒன்றும் இல்லை, இலக்கணம் எல்லாம் சரிதான், ஆனால் 29 வயதில் கையில் ஒரு பையை வாங்கிக்கொண்டு லயத்து வாசலில் நின்ற ஒரு பெண் இந்த வாக்கியத்துக்குள் எங்குமே இல்லை.

இதில் உங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த இடத்தில் நம் தமிழே கையை விரித்துவிடுகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இந்த நாட்டில் அந்த 30 வருஷத்தில் போரில் இறந்தவர்களுக்கு என்று தமிழில் புழங்கிய சொற்கள் எல்லாம் யாருடைய சொற்கள்? வீரச்சாவு, மாவீரர் இரண்டும் இயக்கம் தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்டவை, 1989 இலிருந்து நவம்பர் 27 ஐ மாவீரர் நாளாகவே ஆக்கிவிட்டார்கள். வீரமரணம் என்று எழுதினாலும் அந்த நிழல் விழாமல் போகாது. சிங்களத்தில் ரணவிரு என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது, திவி பிதுவா, உயிரைக் காணிக்கையாக்கினார் என்று ஒரு வினையும் இருக்கிறது, மேடையில் ஏறி யாரும் சொல்லலாம். தமிழ்ப் பேப்பரிலோ "படையினர் இருவர் பலி" அவ்வளவுதான். ஆக, ஆமிக்காரனுடைய பெண்சாதியாக இருந்த ஒரு தமிழ்ப் பெண் தன் புருஷன் செத்ததைத் தமிழில் சொல்ல நினைத்தால், ஒரு சொல் எதிர்ப் பக்கத்துடையது, இன்னொன்று வேறு மொழியுடையது, மூன்றாவது கசாப்புக்கடைச் சொல். உங்கள் பெரியம்மா இதையெல்லாம் யோசித்துச் சொன்னார் என்று சொல்லவில்லை. ஆனால் நான் போனில் பேசியபோது அவர் பயன்படுத்தியது ஒரே ஒரு சொல்தான். "அவரு போன பெறகு." முக்கால் மணி நேரம் பேசினோம், வேறு சொல் வரவே இல்லை. கடிதத்திலும் அதுவே போதும்.

(நேற்றுப் பின்னேரம் அவரோடு பேசினேன். மழை, லைன் இரண்டு தரம் அறுந்தது. கீழே எழுதுகிறதெல்லாம் அவர் சம்மதத்தோடுதான்.)

இப்போது பட்டியலுக்கு வருவோம். நீங்கள் அதைச் சும்மா இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஒரு கோடு போட்ட தாள், சிங்களத்தில் 11 வரி. சரம் 2, ஷர்ட் 1, துவாய் 1, சவரப் பெட்டி 1, சின்ன ரேடியோ 1, கடிதம் 14, போட்டோ 3, வங்கிப் புத்தகம் 1, பர்ஸ் 1, கைமணிக்கூடு 1, பிரித் நூல் 1. கீழே ஒபிசருடைய கையெழுத்து, பக்கத்தில் பெரியம்மாவின் கையெழுத்து, தமிழில்.

இந்தத் தாள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அதை வாசிக்கிற விதமே மாறிவிடும். பிரித்தானிய வழியில் வந்த ராணுவங்களில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் இறந்ததும் அவருடைய சாமான்களைச் சில பேர் உட்கார்ந்து பிரிப்பார்கள். யூனிபோர்ம், பூட்ஸ், பெல்ட், தோல்பட்டை எல்லாம் அரசாங்கச் சொத்து, ஸ்டோருக்குத் திரும்பிவிடும். கெட்டுப்போகிற தின்பண்டம் கழிந்துவிடும். சொந்தச் சாமான் மட்டும் எழுதப்பட்டு வீட்டுக்கு வரும், வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் அங்கே இருக்கிறதிலேயே வயது குறைந்த ஒபிசரின் தலையில்தான் விழும். பெரியம்மா என்னிடம், "லீவுக்கு வாரப்பல்லாம் அந்த யூனிபோர்ம நான்தான தொவச்சுப் போட்டேன், அதுல ஒண்ணுகூடத் தரலயே" என்றார். 27 வருஷமாக அது அவருக்கு ஒரு குறை. யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். இல்லை அம்மா, அது ஸ்டோருக்குப் போயிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அத வேற ஆள் போட்டிருப்பானா" என்று கேட்டார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இன்னொன்று. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் எட்டு வரி நீல மை. பர்ஸ், மணிக்கூடு, பிரித் நூல், இந்த மூன்றும் கறுப்பு மை, எழுத்தும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முதல் எட்டும் ஒரு ஆள் பையில் வைத்துவிட்டுப் போகிற சாமான்கள். முன்னணிக்குப் போகிறவன் ரேடியோவையும் சவரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக மாட்டான், அவை பின்னால் முகாமில் கிடக்கும். கடைசி மூன்றும் உடம்போடு இருக்கிறவை. அவை வேறு இடத்திலிருந்து, பிந்தி வந்து, அதே தாளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜயசிக்குறு ராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம் அது, 1997 மே மாதம் தொடங்கி அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் வவுனியாவிலிருந்து ஏ9 பாதையை வடக்கே திறக்கப் பார்த்தார்கள். ஒருவர் விழுந்த இடமும் அவருடைய பை கிடந்த இடமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பதினோராவது சாமானைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். அது பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டுகிற பிரித் நூலே இல்லையாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் தேய்த்து, பூசாரி கொடுத்து, கடைசி லீவு முடிந்து கோச்சி ஏறப் போகிற காலையில் இவர் தன் கையால் வலது மணிக்கட்டில் கட்டிவிட்ட நூல். கல்யாணம் கட்டின நாளிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் இப்படித்தானாம், அவர் பன்சலைக்கும் போவார், இதையும் கட்டிக்கொள்வார், ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. குளித்துக் குளித்து மஞ்சள் போய் வெளுத்திருக்கும். ஒபிசர் பார்த்தார், சிங்களப் பெயர், வெள்ளை நூல், பிரித் நூல் என்று எழுதிவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

அந்த நூல் ஒரு சின்ன பிரவுண் என்வலப்பில் தனியாக வந்ததாம். இன்னும் பெரியம்மாவிடம் இருக்கிறது. நான் அதை எடுத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். முடிச்சு இருக்கிறதா? இருக்கிறது, மூன்று முடிச்சு, தான் போட்ட மாதிரியே. அவிழ்க்கவில்லை. முடிச்சுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நூல் சுத்தமாக அறுபட்டிருக்கிறது, பிய்ந்த மாதிரி இல்லை, பிளேடோ கத்திரியோ வைத்த மாதிரி.

இதை இவ்வளவு தோண்டுகிறதற்குக் காரணம் இருக்கிறது. பெரியம்மா உங்களிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவர்தானா என்பது 27 வருஷமாக அவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள், சாமியார் பிரித் சொன்னார், வெலிமடையில் அடக்கம் ஆயிற்று. மாமியாரும் செத்துப்போனார், அவரிடமும் இவர் இதைச் சொன்னதில்லை. ஒபிசருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இத்தனை வருஷமாக இவர் சொல்லிக்கொண்டிருந்தது நன்றி சொல்வதற்கு மட்டும் இல்லை, மகள்.

நூல் அதற்குப் பதில் சொல்லிவிட்டதா என்றால், முழுதாக இல்லை. யாரோ ஒருவர் அவருடைய மணிக்கட்டைக் கையில் பிடித்து நூலை வெட்டியிருக்க வேண்டும் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் அவரே உயிரோடு இருக்கும்போது, கை வீங்கியோ நூல் இறுகியோ வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கவும் கூடும். நான் அதையும் பெரியம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "வச்சிருப்பாரு, தூக்கிப் போட மாட்டாரு" என்றார். ஆக, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதைக் கேட்கிறது என்பதில்தான் இப்படிப்பட்ட கடிதங்கள் கெட்டுப்போகின்றன. உங்கள் கடிதத்தில் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள், "கடைசி நேரத்தில் அவர் வேதனைப்பட்டாரா?" என்று. அதை எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு ஒபிசர்களிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் வீட்டுக்கு ஒபிசர்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் தெரியும், உடனே உயிர் போய்விட்டது, வேதனை தெரியவில்லை என்று கட்டுக் கட்டாக எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேர் விஷயத்தில் அது உண்மை? இரக்கத்தில் எழுதியதுதான், தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதே மாதிரி, பெட்டிக்குள் இருந்தது அவர்தானா என்று நேரே கேட்டாலும், ஆமாம் என்றுதான் வரும். 48, 50 வயதில் இருக்கிற ஒரு மனுஷன், தன் 23 வயதில் செய்த ஒரு வேலையைப் பற்றி, ஒரு விதவைக்கு வேறு என்ன எழுதுவார்?

அதனால் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய, தெரியாவிட்டால் தெரியாது என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தப் பிரவுண் என்வலப்பை அவர் கையில் கொடுத்தது யார்? கொடுக்கும்போது என்ன சொன்னார்கள்? இவ்வளவுதான். ஒபிசர் அந்த உடம்பைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை, சாமான் கொண்டுவருவது மட்டும்தான் அவருக்குக் கொடுத்த வேலையாக இருந்திருக்கலாம். ஆனால் கறுப்பு மையில் அந்த மூன்று வரியை அவர்தான் எழுதினார் என்றால், யாரிடமிருந்து வாங்கி எழுதினார் என்பது நினைவில் இருக்க வாய்ப்பு உண்டு.

பெரியம்மா இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார். தான் 17 கடிதம் போட்டதாகவும், கடைக்கார நோனாவின் மகளைக் கொண்டு சிங்களத்தில் எழுதுவித்ததாகவும், 14 தான் திரும்பி வந்ததாகவும் சொன்னார். அதை இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டாம் என்றேன். கணக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், அவர் பயந்துபோவார். பதில் வந்தால் பிறகு பார்க்கலாம்.

நான் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் கடுதாசி எழுதிக் கொடுக்கிற ஆளாக இருந்தவன். குவைத்தில் வேலைக்குப் போன இடத்தில் செத்துப்போன ஒரு பிள்ளையின் சூட்கேசை இன்னொரு பிள்ளை கொண்டுவந்து கொடுத்தாள். தாய்க்காரி அவளுக்கு எழுதச் சொன்னார். நான் அப்போது இளந்தாரி, தமிழ் தெரிந்த திமிர் வேறு, "காலனின் கொடிய கரங்கள்" என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். அந்தத் தாய் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று, சூட்கேசில் இருந்த புதுச் சட்டை யாருக்கு வாங்கினது என்று. அதை நான் கடைசி வரியில் எங்கோ செருகியிருந்தேன். பதில் வந்தது, அதிலும் காலன், அதிலும் கொடிய கரங்கள். சட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதினவளுக்கு அந்த வரி கண்ணில்பட்டே இருக்காது.

கீழே இருப்பது நேற்றுப் பெரியம்மா சொல்லச் சொல்ல நான் குறித்ததை வைத்து எழுதியது. சொற்கள் அவருடையவை, வரிசை மட்டும் என்னுடையது. கேள்வியை நடுவில் வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் வைத்தால் ஆள் உஷாராகிவிடுவார், கடைசியில் வைத்தால் என் கதைதான்.

"தம்பிக்கு,

என்னை நினைவிருக்குமோ தெரியாது. 1998 ஜனவரியில் நீங்கள் ஜீப்பை மேல் ரோட்டில் விட்டுவிட்டு எங்கள் லயத்துக்கு நடந்து வந்தீர்கள். மழை பெய்து முடிந்த நேரம். வாசலில் பூட்ஸைக் கழற்றினீர்கள், இடது கால் சொக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. நான் அதைப் பார்த்ததை நீங்கள் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். பிளேன்டீ போட்டேன், குடித்தீர்கள். சீனி போட மறந்துவிட்டேன் என்று நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது.

நான் தமிழில் கையெழுத்துப் போட்டதும் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். கடிதமெல்லாம் சிங்களத்தில் இருந்ததால் நான் சிங்களம் என்று நினைத்திருப்பீர்கள். பிறகு என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சிங்களத்தில் நீங்களே எழுதினீர்கள், ஒபிசில் வாசிக்க வேண்டுமே என்று. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

நீங்கள் பிரித் நூல் என்று எழுதியது பிரித் நூல் இல்லை. அது எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் நூல். நான்தான் அவருக்குக் கட்டிவிட்டேன். பிழை பிடிக்கச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். அது ஒரு சின்ன பிரவுண் என்வலப்பில் தனியாக இருந்தது. முடிச்சு அப்படியே இருக்கிறது, நூலை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்த என்வலப்பை உங்களிடம் யார் தந்தார்கள்? தரும்போது ஏதாவது சொன்னார்களா? எனக்குப் பெட்டியைத் திறந்து காட்டவில்லை, அதனால்தான் கேட்கிறேன். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுதுங்கள், அது போதும். எனக்கு நல்லது சொல்ல வேண்டும் என்று ஒன்றும் எழுத வேண்டாம்.

சவரப் பெட்டியை என் தம்பியின் மகன் பாவிக்கிறான். ரேடியோ ரெண்டு வருஷம் பாடியது. மணிக்கூட்டை நான் வைத்திருக்கிறேன், அது அப்போதே ஓடவில்லை. போட்டோ மூன்றில் ஒன்றில் இருக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, நாலு பேர் ஒரு ட்ரக்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் அதில் இல்லை. அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் நீங்கள் இருக்கிறீர்களோ என்று சில நேரம் பார்ப்பேன், முகம் சரியாக விளங்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு கிழமைக்குள் எழுத நினைத்தேன். முடியவில்லை. இப்போதுதான் முகவரி கிடைத்தது."

இவ்வளவுதான். ஏன் அப்போது எழுத முடியவில்லை என்று நான் கேட்டேன், அதைக் கடிதத்தில் போட வேண்டாம் என்றார், ஆனால் இங்கே சொல்லலாம் என்றார். ஒபிசர் வந்துபோன அந்தக் கிழமைதான் கண்டியில் தலதா மாளிகைக் குண்டு, ஜனவரி 25. அதன் பிறகு மலையகத்துத் தமிழர் கண்டிப் பக்கம் தலை காட்டவே பயந்த நாட்கள் உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருந்தால் பஸ்ஸில் இருந்து இறக்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆமி முகாமுக்குத் தமிழ் எழுத்தில் கடிதம் போவது என்றால்! சிங்களத்தில் எழுதித் தருகிற கடைக்கார நோனாவின் மகளும் அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லையாம். சண்டை ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். ஆமிக்காரனின் பெண்சாதி என்று லயத்தில் ஒரு ஒதுக்கம், தமிழச்சி என்று கடைவீதியில் ஒரு ஒதுக்கம்.

இதை வாசித்துவிட்டு, ஆமிக்காரன் வீட்டுக்குப் பையாவது வந்தது, பட்டியலாவது வந்தது, வன்னியில் எத்தனை தாய்மாருக்கு அதுவும் இல்லையே என்று எனக்கு எழுதப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை. பெரியம்மாவே அதைச் சொன்னார், "டீவீல அந்தப் பொம்பளைங்க போட்டோவப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்கிறதப் பாத்தா எனக்கு இந்த நூலாவது இருக்கேன்னு தோணும்" என்று. அதைக் கடிதத்தில் சேர்க்கலாமா என்று நான் யோசித்தேன். அவர் வேண்டாம் என்றார், "அந்தத் தம்பிகிட்ட அதக் கேட்டு என்னா செய்ய" என்றார்.

இனி அனுப்புகிற வேலை. ஒபிசருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சிங்களத்தில் மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பெரியம்மா தன் கையால் தமிழில் எழுதட்டும், எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டியலில் பார்த்த அதே கையெழுத்து அவருக்கு அடையாளம் தெரியும். சிங்கள மொழிபெயர்ப்பைத் தனித் தாளில் வையுங்கள். மொழிபெயர்க்கிறவருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள், தமிழில் நாம் தம்பி, நீங்கள் என்று சுலபமாகப் போட்டுவிட்டோம், சிங்களத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒபதுமா என்று போட்டால் கச்சேரிக்கு எழுதின மனு மாதிரி ஆகிவிடும், ஒயா என்றால் ஒரு ஒபிசருக்கு அது ரொம்ப நெருக்கம். பெரியம்மா அன்றைக்கு அவரை மஹத்தயா என்றுதான் கூப்பிட்டாராம், அதையே நெடுகப் போடுங்கள். தொடக்கத்தில் தம்பி என்று இருக்கிற இடத்தில் மட்டும் மல்லி என்று வைக்கச் சொல்லுங்கள். ஒரு தரம் போதும், ஆறு வயது மூத்தவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. "அவர் போன பிறகு" என்று பெரியம்மா சொன்னது இந்தக் கடிதத்தில் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், எழுதும்போது அந்த இடமே அமையவில்லை. மொழிபெயர்ப்பவர் தன் பங்குக்கு ரணவிரு, திவி பிதுவா என்று எங்காவது நுழைத்தால் வெட்டிவிடுங்கள்.

பதிவுத் தபாலில் போடுங்கள். அனுப்புகிறவர் முகவரிக்குத் தோட்டத்துப் பெயரையும் டிவிஷனையும் மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள், தோட்டத்து ஒபிசுக்குப் போய் அங்கே மேசையில் கிடந்து யார் கையிலாவது போகிற கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, வீட்டு இலக்கம் இல்லாத லயங்களில் இதுதான் பெரிய கரைச்சல். டவுனில் இருக்கிற உங்கள் வீட்டு முகவரியைப் போடுங்கள், இரண்டு மொழியிலும்.

அப்புறம், பெரியம்மா அந்த நூலையும் கடிதத்தோடு வைத்து அனுப்பலாமா என்று கேட்டார். அவர் பார்த்தால் நினைவு வரும் என்று. வேண்டாம் என்று நான் சொன்னேன், சரி என்றார், ஆனால் அவர் குரலில் அந்தச் சரி அவ்வளவு சரியாக இல்லை. நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் நூலை வைத்து, முடிச்சும் வெட்டும் இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வையுங்கள். என்வலப்பை நீங்களே ஒட்டுங்கள், ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.